முதலில் மணிக்கணக்கு, பிறகு இலக்கு

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷம் ஆன ஒருவர் திரும்பப் படிக்க வருகிறார் என்றால், சொல்லிக்கொடுப்பவரும் அவரும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பு ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்வது நல்லது. எதுவரை படிக்கப் போகிறோம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் யாருக்கு என்ன உதவி செய்வது, படித்தது வந்துவிட்டது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது. இதைக் கற்றல் ஒப்பந்தம் என்கிறார்கள். முதியோர் கல்வியைப் பற்றி நிறைய எழுதிய அமெரிக்கர் மால்கம் நோல்ஸ் 1986-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். முத்திரைத்தாளும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். நோட்டின் முதல் பக்கம் போதும்.

தாள் சின்னதுதான். ஆனால் அதை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இலக்கை முதலில் எழுதிவிட்டு, அதற்கு வேண்டிய மணி நேரத்தைப் பிறகு தேடுகிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறானது. கையில் இருக்கும் மணி நேரத்தை முதலில் எண்ண வேண்டும். இலக்கை அந்த அளவுக்கு வெட்ட வேண்டும். நம் தாமிரபரணிக் கரையில் பாபநாசத்தில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று தெரியாமல் யாரும் நாற்றங்கால் போடுவதில்லை. தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை மரக்கால் விதைப்பாடு நடுவது என்று முடிவு செய்வார்கள். வயசான பிறகு படிப்பதும் அப்படித்தான்.

இதை ஒரு ஆளை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தாறு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். மூத்த மகள் எட்டாவது படிக்கிறாள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும் என்று, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் வருகிறார். இது ஒரே ஆளின் கதை இல்லை. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் இந்த நிலையில் இருக்கும் பல பெண்களை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன்.

டீச்சர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எதுக்குப் பத்தாவது வேணும்?" என்பது. இதைச் சந்தேகப்படுகிற தொனியில் கேட்கக் கூடாது. பதிலைப் பொறுத்து ஒப்பந்தமே மாறும் என்பதால் கேட்கிறோம். அரசு வேலைக்கு என்றால், அந்த வேலையின் அறிவிப்பில் வயது வரம்பு என்ன, எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும். ரெண்டு வருஷம் படித்து முடித்த பிறகு வயது தாண்டிவிட்டது என்று தெரிந்தால் அதைப்போல் கொடுமை வேறில்லை. மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க என்றால், சான்றிதழே தேவைப்படாமல் போகலாம். அப்போது எட்டாம் வகுப்புக் கணக்கும் ஆங்கிலமும் போதும். நம் அக்கா சொன்னது இது: "கையெழுத்துப் போடுற எடத்துல எல்லாம் படிப்பு என்னன்னு கேக்காவ டீச்சர். பத்தாவது பாஸுன்னு சொல்லணும். பொறவு ஒரு நல்ல வேலை வந்தாப் பாப்போம்." இது தெளிவான பதில். அவருக்குச் சான்றிதழ் வேண்டும், ஆனால் அதற்கு நாள் கெடு இல்லை. கெடு இல்லை என்பது மிகவும் முக்கியம். ஒரே வருஷத்தில் முடித்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அடுத்தது, என்ன தெரியும் என்று பார்ப்பது. இதைப் பரீட்சையாக நடத்தினால் ஆள் மறுநாள் வர மாட்டார். பேச்சோடு பேச்சாக நடக்க வேண்டும். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்கிறோம். வாசித்ததைத் தன் சொல்லில் ஐந்து வரி எழுதச் சொல்கிறோம். பிறகு ஒரு கணக்கு: ஆயிரம் பீடிக்கு முந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அறுநூற்று ஐம்பதுக்கு எவ்வளவு? அக்கா கண்ணை மூடித் திறப்பதற்குள் நூற்றுத் தொண்ணூற்றைந்து என்கிறார். "அறுநூறுக்கு நூத்தம்பது, முப்பது, நூத்தெம்பது ஆச்சுல்லா. அம்பதுக்குப் பதினஞ்சு." அதையே தாளில் பின்னமாகப் போடச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. "கணக்கு எனக்கு வராது டீச்சர்" என்று அவர் முதலில் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். நேர்விகிதம் அவருக்கு வருகிறது. அதை எழுதும் முறைதான் வரவில்லை. ஒப்பந்தத்தில் "கணக்கு: பலவீனம்" என்று எழுதினால் அது தவறு. "மனக்கணக்கு நன்றாக இருக்கிறது, பின்னமும் இயற்கணிதக் குறிகளும் எழுதப் பழக வேண்டும்" என்று எழுதினால், டீச்சருக்கு எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

இதே அமர்வில் இன்னும் ரெண்டு சோதனைகள் உண்டு. யாரும் இவற்றைச் செய்வதில்லை, ஆனால் பெரியவர்களுக்கு இவைதான் தடை. ஒன்று, எழுதும் வேகம். புத்தகத்தில் ஒரு பத்தியைப் பத்து நிமிடம் பார்த்து எழுதச் சொல்லி, எத்தனை சொல் என்று எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு, நேரம் 3 மணி. ஒரு மதிப்பெண்ணுக்கு ரெண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் ஏழு மதிப்பெண் விடைக்குப் பதினாறு, பதினேழு நிமிடம்தான். பாடம் முழுக்கத் தெரிந்தும் கை ஓடாததால் கோட்டைவிடுபவர்கள் உண்டு. ரெண்டாவது, கண். நாற்பதை நெருங்கும்போது பலருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கத் தொடங்கும். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசிக்கிறாரா என்று கவனியுங்கள். எழுத்து கலைகிறது, தலை வலிக்கிறது என்று ராத்திரிப் படிப்பை விட்டவர்களுக்கு ஒரு வாசிப்புக் கண்ணாடி போதுமாக இருந்திருக்கலாம். ஆகவே உதவி என்ற பகுதியில் முதல் வரியே "கண் பரிசோதனை, இந்த மாதத்துக்குள்" என்று எழுதலாம்.

இனி மணிக்கணக்குக்கு வருவோம். அக்கா ஆர்வத்தில், "ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்துருவேன் டீச்சர், தெனமும்" என்கிறார். பதினாலு மணி நேரம் ஒரு வாரத்துக்கு! இதை அப்படியே எழுதிக்கொண்டால் மூன்றாம் வாரத்தில் ஒப்பந்தம் செத்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை. தன்னுடைய நாளை அவர் ஒருபோதும் தாளில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அதனால் கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க எந்த நேரத்தில் என்ன செய்தோம் என்று குறித்து வரச் சொல்ல வேண்டும். அழகாக எழுத வேண்டியதில்லை. "ஆறரை - தண்ணி. எட்டு - சோறு, பிள்ளைய அனுப்ப. ஒம்பது - பீடி" என்று இருந்தால் போதும்.

அந்தத் தாள் திரும்பி வரும்போது விஷயம் தெரியும். பகல் முழுக்க மடியில் சுளவு. ராத்திரி சாப்பாடு முடிந்து இலை நனைத்து, மறுநாளைக்கு வெட்டி வைக்க வேண்டும். சனிக்கிழமை கடைக்குப் போய்ச் சரக்குக் கொடுத்துக் கணக்கு முடித்து வருவதற்கே பொழுது போய்விடுகிறது. புதன்கிழமை ராத்திரி மகளிர் குழுக் கூட்டம். மிஞ்சுவது திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நான்கு ராத்திரியும் முக்கால் மணி நேரம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம். நான்கு முக்கால் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தால் ஐந்து மணி. பதினாலு என்றது ஐந்தாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இந்த ஐந்து உண்மையான ஐந்து.

ஞாயிறு ரெண்டு மணி நேரம் டீச்சரோடு. மற்ற மூன்று மணி தனியாக. வகுப்பு நேரத்தை மட்டும் படிப்பு நேரமாக எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாடங்களுக்கு ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது. அதில் வாசிப்பதும், எழுதிப் பார்ப்பதும், வகுப்புக்குப் போவதும் எல்லாம் சேர்த்தி. நாமும் அதுபோலவே எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவோம்.

ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினால் மார்ச் நடு வரை சுமார் நாற்பது வாரம். அதில் ஊர்க்கொடை, தீபாவளி, பொங்கல், சொந்தத்தில் ஒரு கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல், ஐப்பசி கார்த்திகை மழை என்று ஆறு வாரத்தைத் தாராளமாகக் கழித்துவிட வேண்டும். நடக்காது என்று நம்புவதை விட, நடக்கும் என்று எழுதி வைப்பது நிம்மதி. மிச்சம் 34 வாரம். ஐந்தால் பெருக்கினால் 170 மணி நேரம். இதுதான் இந்த வருஷத்துக்கு அக்காவிடம் இருக்கும் மொத்தக் கையிருப்பு.

செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். டீச்சர் ஐந்து பாடப் புத்தகங்களையும் முன்னால் வைத்து, முதல் அமர்வில் பார்த்ததை வைத்து மதிப்புப் போடுகிறார். தமிழ் 40 மணி, சமூக அறிவியல் 50, அறிவியல் 70, ஆங்கிலம் 80, கணிதம் 90. மொத்தம் 330. இது இந்த அக்காவுக்கான மதிப்பு. வேறொருவருக்கு ஆங்கிலம் நாற்பதிலும் முடியலாம். எப்படிப் பார்த்தாலும் கையில் 170, தேவை 330.

இந்த இடத்தில்தான் மணிக்கணக்கை முதலில் எடுத்ததன் பயன் தெரிகிறது. இலக்கை முதலில் எழுதியிருந்தால் "மார்ச்சில் பத்தாவது பாஸ்" என்று எழுதியிருப்போம். அதை எட்ட வாரம் பத்து மணி நேரம் தேவைப்பட்டிருக்கும். அக்கா ஐந்து மணி நேரத்தையும் ஒழுங்காகப் படித்துவிட்டு, பத்து படிக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில் நின்றுபோயிருப்பார். இப்போது நமக்கு வேறு வழி இருக்கிறது. தனித்தேர்வர் முதல் முறை ஐந்து பாடத்துக்கும் விண்ணப்பிப்பார். ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். தேறிய பாடம் தேறியதாகவே நிற்கும், தேறாததை மட்டும் அடுத்த தேர்வில் எழுதலாம். ஆகவே முதல் வருஷத்துக்குத் தமிழ், சமூக அறிவியல், அறிவியல் மூன்றையும் வைப்போம். 40, 50, 70 சேர்ந்து 160. கையிருப்பு 170. பத்து மணி நேரம் மிச்சம் கூட இருக்கிறது. ஆங்கிலமும் கணிதமும் அடுத்த வருஷம். 80-ம் 90-ம் சேர்ந்து 170, அடுத்த வருஷத்துக் கையிருப்போடு சரியாகப் பொருந்துகிறது. அதில் மிச்சமே இல்லையே என்று கேட்பீர்கள். முதல் வருஷம் மிஞ்சும் பத்து மணி நேரத்தை, வாரம் தவறாமல் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று ஆங்கில வாசிப்புக்கு இப்போதே போட்டுவிட வேண்டும்.

அறிவியலை முதல் வருஷத்தில் வைத்தால் ஒரு விஷயத்தைத் தாளில் எழுதியே ஆக வேண்டும். தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே தனியாகப் பெயர் பதிய வேண்டும். அதற்கென்று ஒதுக்கும் பள்ளியில் நடக்கும் வகுப்புகளில் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வுக்கு விடுவார்கள். மதிப்பெண்ணும் ரெண்டாகப் பிரிகிறது. செய்முறைக்கு 25, அதில் குறைந்தது 15 வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 75, அதில் குறைந்தது 20 வேண்டும். பதிவுக்கான நாட்களை அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும். dge.tn.gov.in தளத்திலும் செய்தித்தாளிலும் வரும். இந்த அறிவிப்பைத் தவறவிட்டவர்கள்தான் வருஷம் முழுக்கப் படித்தும் ஒரு பாடத்தை இழக்கிறார்கள். அதனால் "செய்முறைப் பதிவு அறிவிப்பைப் பார்ப்பது டீச்சர் பொறுப்பு, பழைய மாற்றுச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்து வைப்பது அக்கா பொறுப்பு" என்று ஆள் பெயரோடு எழுத வேண்டும். செய்முறை வகுப்பு பகலில் நடந்தால் அன்றைக்குப் பீடி எண்ணிக்கை குறையும், கூலி குறையும். அதையும் மறைக்காமல் எழுதி, வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உதவி என்ற பகுதிக்கு வந்துவிட்டோம். இதில் டீச்சர் தரப்புக் கடமைகள் முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி. படிக்க வந்தவருக்கு மட்டும் நிபந்தனை போடும் தாள் ஒப்பந்தம் ஆகாது. இந்த ஞாயிறு வாங்கிய விடைத்தாளை அடுத்த ஞாயிறு திருத்திக் கொடுப்பேன். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லி, அந்த வாரத்துக்குள் வேறு நேரம் தருவேன். ராத்திரி எட்டரைக்கு மேல் ஒன்பதே கால் வரை சந்தேகத்துக்குப் போன் பண்ணலாம். தேர்வு விண்ணப்பத்துக்குச் சேவை மையத்துக்குக் கூடவே வருவேன். கட்டணம் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு, எந்தத் தேதி, விடுபட்ட வகுப்புக்கு உண்டா இல்லையா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, அந்தக் கூச்சத்தாலேயே வராமல் நின்றுவிடுபவர்கள் உண்டு.

வீட்டின் பங்கையும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமையலை முன்னாலேயே முடிப்பதா, வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வாரா? அந்த முக்கால் மணி நேரம் டி.வி. சத்தம் இருக்குமா? எட்டாவது படிக்கும் மகள் வாரம் ஒரு நாள் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேட்பாளா? அம்மாவுக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதில் பிள்ளைக்கும் படிப்பு வரும். ஆனால் அதற்கு ரெண்டு பேரின் சம்மதமும் வேண்டும். சில அம்மாக்களுக்கு அது சங்கடம். கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும்: யாருக்கெல்லாம் தெரியலாம்? "தெருவுல தெரிஞ்சா, இவ இந்த வயசுல கலெக்டராகப் போறாளோன்னு கேப்பாவ டீச்சர்" என்று அக்கா சொல்லும்போது அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. வீட்டுக்காரர், மகள், டீச்சர் மூன்று பேரைத் தவிர வேறு யாரிடமும் சொல்வதில்லை, மதிப்பெண் வந்தாலும் அக்கா சம்மதம் இல்லாமல் சொல்வதில்லை என்று எழுதுவோம். உட்கார்ந்து படிக்கும் இடத்தையும் அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டியிருக்கும். வாசல் திண்ணை ஆகாது, டீச்சர் வீட்டுப் பின்கட்டோ ஊர் நூலகமோ ஆகலாம்.

நோல்ஸ் அழுத்திச் சொன்ன ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. படித்தது வந்துவிட்டது என்பதற்கு எது அத்தாட்சி, அதை யார் பார்த்து ஒப்புக்கொள்வது என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். "முதல் பாடம் முடித்தேன்" என்பது அத்தாட்சி இல்லை. வாசித்தாலும் முடித்ததுதான், மனப்பாடம் செய்தாலும் முடித்ததுதான். அறிவியலுக்கு இப்படி எழுதலாம்: "ஒவ்வொரு ரெண்டு வாரத்துக்கும் ஒரு ஏழு மதிப்பெண் வினா. புத்தகம் மூடியிருக்கும். நேரம் குறித்து எழுத வேண்டும். முதல் மாதம் 25 நிமிடம் ஆகலாம், தீபாவளிக்குள் 20, பொங்கலுக்குள் 17. விடையை டீச்சர் திருத்துவதற்கு முன்பு அக்காவே புத்தகத்தைத் திறந்து தனக்கு மதிப்பெண் போட வேண்டும்." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. தன் விடையில் எது குறைகிறது என்று தானே கண்டுபிடிக்கத் தொடங்கிய அன்றைக்கு, அந்த மூன்று மணி நேரத் தனிப்படிப்பு உண்மையிலேயே படிப்பாக மாறுகிறது. அதுவரை அது புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம்தான்.

எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் அடையாளம், மூன்றாம் நான்காம் வாரத்தில் வீட்டுப்பாடம் திடீரென்று மிக அழகாக வருவது. அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக இருந்தால், அது வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதியது. திட்ட வேண்டாம். நேரம் போதவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ரெண்டாவது அடையாளம், எதைக் கேட்டாலும் "புரிஞ்சிட்டு டீச்சர்" என்ற பதில். அப்போது, "எனக்குச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டால் தெரிந்துவிடும். மூன்றாவது டீச்சர் பக்கத்துப் பிசகு. ஞாயிறு ரெண்டு மணி நேரத்தில் டீச்சர் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், அக்காவின் கை பழகவே இல்லை என்று அர்த்தம். பாதி நேரமாவது அக்கா எழுத வேண்டும் என்பதையும் தாளில் போட்டுவிடலாம்.

அதைவிடப் பெரிய பிசகு, ரெண்டு வாரம் தொடர்ந்து வராமல் போவது. மூன்றாவது வாரம் வர வெட்கமாக இருக்கும், நான்காவது வாரம் பழகிவிடும். பெரியவர்களின் படிப்பு பெரும்பாலும் இப்படித்தான் நிற்கிறது. அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு விதி வேண்டும்: "ரெண்டு ஞாயிறு தொடர்ந்து விட்டுப்போனால், மூன்றாவது ஞாயிறு பாடம் கிடையாது. இருபது நிமிடம் உட்கார்ந்து இலக்கையோ தேதியையோ மாற்றி எழுதுவோம். ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை." பாடம் இல்லை என்று தெரிந்தால் வர மனசு வரும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை எப்படியும் தாளை எடுத்துப் பார்த்து, மிச்ச மணி நேரத்தை மறுபடி எண்ணுவது என்றும் எழுதுங்கள். பொங்கலுக்குள் தமிழும் சமூக அறிவியலும் வந்து அறிவியல் பாதிதான் ஆகியிருக்கிறது என்றால், அறிவியல் எழுத்துத் தேர்வின் குறி முப்பதிலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கலாம். அப்படியும் தவறினால் கோடையை ஒட்டி நடக்கும் துணைத்தேர்வு இருக்கிறது. அதையும் தாளிலேயே குறித்து வைத்தால் மார்ச் மாதப் பயம் பாதி குறையும்.

ஆற்றங்கரையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் வீடுகளுக்குள் வந்தபோது, சான்றிதழ்களும் பள்ளிப் புத்தகங்களும் நனைந்து போனவர்கள் ஏராளம். மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்று, விண்ணப்ப ரசீது மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைப்பது, படம் எடுத்து டீச்சர் போனிலும் ஒன்று வைப்பது என்று ஒரு வரி போதும்.

ஆளைப் பொறுத்துக் காலண்டரும் மாறும். இதே ஒப்பந்தத்தை வயல்வேலைக்குப் போகும் ஒருவருக்கு எழுதினால், வாரம் ஐந்து மணி நேரம் என்ற சமமான கணக்கு செல்லாது. பிசான நடவு ஐப்பசி கார்த்திகையில், அறுப்பு மாசி பங்குனியில். அறுப்பு நேரமும் பத்தாம் வகுப்புத் தேர்வும் ஒன்றோடு ஒன்று மோதும். அவருக்கு நடவுக்கு மூன்று வாரம், அறுப்புக்கு மூன்று வாரம் முழு விடுமுறை என்று எழுதிவிட்டு, ஆவணி புரட்டாசியிலும் மார்கழி தையிலும் வாரத்துக்கு ஏழு எட்டு மணி நேரம் போட வேண்டும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டால் ஆனி ஆடியும் போய்விடும், விடாவிட்டால் கிடைக்கும். ஆகவே அவருடைய தாளில் ஜூன் மாத வரிசை பென்சிலில்தான் எழுதப்பட வேண்டும். அணையில் தண்ணீர் திறந்த பிறகு அதை முடிவு செய்துகொள்ளலாம்.

இத்தனையும் எழுதினால் நோட்டில் ஒன்றரைப் பக்கம்தான் வரும். மேலே தேதி. அதன்கீழ் இந்த வருஷ இலக்கு: மார்ச் தேர்வில் தமிழ், சமூக அறிவியல், அறிவியல். ஆங்கிலமும் கணிதமும் தேர்வு அறை பழகுவதற்காக மட்டும் எழுதுவது, அவற்றில் தவறினால் அது தோல்வி இல்லை. அடுத்து வாரக் கணக்கு: நான்கு ராத்திரி முக்கால் மணி, ஞாயிறு ரெண்டு மணி, ஆறு வாரம் விடுமுறை. அடுத்து டீச்சர் செய்வது, அக்கா செய்வது, வீட்டில் செய்வது என்று மூன்று சின்னப் பட்டியல். அடுத்து அத்தாட்சி. அடுத்து ரெண்டு ஞாயிறு விதியும் ஆறு வார விதியும். கடைசியில் ரெண்டு கையெழுத்து. ஒரு பிரதி டீச்சரிடம், ஒன்று அக்காவிடம். அக்காவின் பிரதியை அவரே தன் கையால் பார்த்து எழுத வேண்டும். அது எழுத்துப் பயிற்சியும் ஆகும், என்ன ஒப்புக்கொண்டோம் என்பதும் மனசில் நிற்கும்.

முதல் வருஷத் தேர்வு முடிந்து, முடிவும் வந்த பிறகு ரெண்டாவது ஒப்பந்தம். இப்போது தாளை டீச்சர் தொடக் கூடாது. தன் வாரத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் நின்றது, எந்த மாதத்தில் தடைபட்டது, ஆங்கிலத்துக்கு 80 போதுமா, கணிதத்தில் எந்த அத்தியாயத்தை முதலில் எடுப்பது என்பதையெல்லாம் போன வருஷத் தாளை வைத்துக்கொண்டு அக்காவே எழுத வேண்டும். டீச்சர் படித்துப் பார்த்து, கூடுதலாக எழுதியிருந்தால் குறைக்கச் சொல்லலாம். தனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்குள் எவ்வளவு படிக்க முடியும் என்று தானே கணக்குப் போடத் தெரிந்தவருக்கு, பத்தாவதுக்குப் பிறகு பன்னிரண்டாவதா தட்டச்சா தையல் டிப்ளமோவா என்று எதை எடுத்தாலும், அந்த முதல் தாளைப் போட யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.